கல்லீரல் சிரோசிஸும் மூளைக் குழப்பமும்: லாக்டுலோஸ், உணவு, நீர்க் கணக்கு, வார்டு கவனிப்பு – செவிலிய மாணவர்களுக்கான முழு வழிகாட்டி

மெடிக்கல் வார்டுக்குப் பயிற்சிக்கு வரும் மாணவிகளிடம் ஹெப்பாட்டிக் என்செபலோபதி பற்றிக் கேட்டால் பதில் சரியாகவே வரும். அமோனியா கூடுகிறது, லாக்டுலோஸ் கொடுக்க வேண்டும், புரதத்தைக் கவனிக்க வேண்டும். ஆனால் அதே மாணவியிடம் ஒரு நோயாளியை ஒப்படைத்தால் எதை முதலில் செய்வது, எதை எப்போது நிறுத்துவது என்பதில்தான் தடுமாறுகிறார். அதனால் இந்த வழிகாட்டியை வேலையின் வரிசைப்படியே எழுதியிருக்கிறேன். வார்டில் எல்லோரும் சொல்வதுபோல நானும் ஹெப்பாட்டிக் என்செபலோபதியை எச்.இ. என்றே சொல்கிறேன்.

நடுவில் ஒரு நோயாளியின் கதை தொடர்ந்து வரும். வயது 54, ஆட்டோ ஓட்டுபவர், குடியால் வந்த சிரோசிஸ். வயிற்றில் மிதமான அளவுக்கு நீர், இரண்டு காலிலும் வீக்கம். ஸ்பைரோனோலாக்டோன் 100 மி.கி., ஃப்யூரோசிமைடு 40 மி.கி. எடுத்துவந்தார். குடியை நிறுத்தி ஏழு மாதம். "நாலு நாளா பகல்ல தூங்குறாரு, ராத்திரி எழுந்து உட்கார்ந்து பேசுறாரு சிஸ்டர்" என்று சொல்லித்தான் அவர் மனைவி அழைத்து வந்தார்.

1. தொடங்கும் முன் மனதில் இருக்க வேண்டியது

குடலில் உள்ள பாக்டீரியாக்களும் குடல் சுவரும் அமோனியாவை உண்டாக்குகின்றன. நல்ல கல்லீரல் அதை யூரியாவாக மாற்றிச் சிறுநீரில் அனுப்பிவிடும். சிரோசிஸில் கல்லீரல் தழும்பேறி இறுகிப்போகிறது. குடலிலிருந்து வரும் ரத்தத்தால் அதற்குள் எளிதாக நுழைய முடியாமல், ஒரு பகுதி பக்கவழிகளில் போய் நேராகப் பொது ரத்த ஓட்டத்தில் கலக்கிறது. அமோனியா சுத்தமாகாமலே மூளைக்குப் போய்ச் சேருகிறது.

அந்த இறுக்கத்தால் ஏறும் அழுத்தம்தான் வயிற்றில் நீரையும், உணவுக்குழாயில் புடைத்த ரத்த நாளங்களையும் உண்டாக்குகிறது. ஆக, நீர்ப் பிரச்சினையும் மூளைக் குழப்பமும் ஒரே வேரிலிருந்து வருபவை. ஒன்றுக்குக் கொடுக்கும் மருந்து இன்னொன்றைக் கெடுக்கும் என்பதை இப்போதே மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு விஷயம் பலருக்கும் தெரிவதில்லை. கல்லீரல் கைவிட்ட நிலையில் அமோனியாவை ஓரளவு சுத்தம் செய்வது தசை. உணவைப் பற்றிய பகுதி முழுவதும் இந்த ஒரு உண்மையின் மேல்தான் நிற்கிறது.

2. முதல் பத்து நிமிடம்: இது எச்.இ. தானா?

சிரோசிஸ் நோயாளி குழம்பியிருந்தால் உடனே எச்.இ. என்று முடிவு கட்டிவிடாதீர்கள். முதல் வேலை ரத்தச் சர்க்கரை பார்ப்பது. கல்லீரலில் சர்க்கரைச் சேமிப்பு குறைந்தவர்களுக்குச் சர்க்கரை சட்டென்று இறங்கும். அதுவும் குழப்பமாகத்தான் தெரியும். அப்புறம் நாடி, ரத்த அழுத்தம், மூச்சு, ஆக்சிஜன் அளவு, காய்ச்சல். தலையில் அடிபட்டதா என்று கேளுங்கள். இவர்களுக்கு ரத்தம் உறைவது குறைவு. கழிவறையில் வழுக்கி விழுந்தது மூளையில் ரத்தக்கசிவாக இருக்கலாம்.

குடிப்பவர் என்றால் கடைசியாகக் குடித்தது எப்போது என்று கண்டிப்பாகக் கேளுங்கள். குடியை நிறுத்திய ஓரிரு நாளில் வரும் நடுக்கத்தில் ஆள் வியர்த்து, நாடி ஓடி, பரபரப்பாக இருப்பார். விரல்கள் வேகமாக நடுங்கும். எச்.இ.யில் பெரும்பாலும் மந்தம், தூக்கம், மெதுவான பேச்சு. இரண்டுக்கும் சிகிச்சை ஏறக்குறைய எதிரெதிர் என்பதால்தான் இந்தக் கேள்வி முக்கியம். நம் நோயாளி குடித்து ஏழு மாதம் ஆகியிருந்தது. சர்க்கரை 104, காய்ச்சல் இல்லை.

3. நிலையை அளந்து எழுதுவது

"நோயாளி குழப்பமாக உள்ளார்" என்று கேஸ் ஷீட்டில் எழுதுவதால் அடுத்த ஷிஃப்டுக்கு ஒரு பயனும் இல்லை. காலையைவிட மாலையில் தேறினாரா, மோசமானாரா என்று சொல்ல வேண்டுமென்றால் ஒரே கேள்வி, ஒரே முறை, நேரம் போட்டு எழுதிய பதில் வேண்டும். வெஸ்ட் ஹேவன் என்ற வகைப்பாட்டில் நான்கு படிகள் உண்டு.

முதல் படியில் தூக்கம் தலைகீழாகும், கவனம் நிற்காது, எளிய கணக்கு தவறும். இதை வீட்டார்தான் முதலில் கண்டுபிடிப்பார்கள். இரண்டாம் படியில் நேரம் குழம்பும்: தேதி, கிழமை, மாதம், பருவம், ஆண்டு ஆகிய ஐந்தில் குறைந்தது மூன்று தவறும். நடத்தையும் மாறும். மூன்றாம் படியில் இடமும் தெரியாது. தூங்கிக்கொண்டே இருப்பார், தட்டினால் கண் திறப்பார். நான்காம் படி கோமா. வலி கொடுத்தாலும் பதில் வராது.

கேள்விகளை நோயாளிக்கு ஏற்றபடி கேளுங்கள். ஆங்கிலத் தேதி எப்போதுமே தெரியாத பாட்டியிடம் தேதி கேட்டுவிட்டு இரண்டாம் படி என்று எழுதுவது தவறு. "ஆடி பிறந்து பத்து நாள்" என்று அவர் சொன்னால் அது முழுச் சரியான பதில். கணக்குக்கு நான் கேட்பது, "நூறு ரூபாய் கொடுத்து முப்பத்தஞ்சு ரூபாய்க்குச் சாமான் வாங்கினா மீதி எவ்வளவு?" பள்ளிக்கூடம் போகாதவர்களும் இதற்குத் தெளிவாகப் பதில் சொல்வார்கள். ஒரு நிமிடத்தில் எத்தனை விலங்குப் பெயர் சொல்கிறார் என்று எண்ணுவது இன்னொரு எளிய சோதனை. பத்துக்குக் கீழே போனால் எச்.இ.யைச் சந்தேகிக்க வேண்டும்.

கையெழுத்தையோ ஒரு நட்சத்திரப் படத்தையோ தினமும் ஒரே தாளில் வாங்கிவையுங்கள். எழுதத் தெரியாத ஒரு அம்மாவிடம் ஐந்து புள்ளிக் கோலம் போடச் சொன்னேன். வருடக்கணக்காக வாசலில் போட்ட கை அது. முதல் நாள் கோடு புள்ளியைச் சுற்றாமல் புள்ளி மேலேயே ஏறிப் போனது, கடைசி வளைவு மூடவே இல்லை. நான்காம் நாள் அதே தாளில் அதே கோலம் முழுதாக வந்தது.

கை அசைவைப் பார்க்கும் முறை: இரண்டு கையையும் முன்னால் நீட்டி, போலீஸ்காரர் வண்டியை நிறுத்துவதுபோல மணிக்கட்டை மேல்நோக்கி மடக்கி, விரல்களை விரிக்கச் சொல்லுங்கள். அரை நிமிடமாவது காத்திருங்கள். கை சட்டென்று தொய்ந்து விழுந்து மறுபடி எழும். மாணவிகள் ஐந்து நொடி பார்த்துவிட்டு இல்லை என்று எழுதிவிடுவார்கள். ஆழ்ந்த மயக்கத்தில் இருப்பவரால் கையை நீட்டவே முடியாது. அங்கே அசைவு இல்லாதது முன்னேற்றம் அல்ல.

நம் நோயாளிக்கு ஊர், மருத்துவமனை எல்லாம் தெரிந்தது. கிழமை, மாதம், ஆண்டு மூன்றும் தவறு. கை தொய்ந்து விழுந்தது. விலங்குகள் ஆறு. இரண்டாம் படி.

4. எதனால் வந்தது என்று தேடுவது

எச்.இ. பெரும்பாலும் தானாக வருவதில்லை; ஏதோ ஒன்று தள்ளிவிடுகிறது. அதைக் கண்டுபிடிக்காமல் லாக்டுலோஸ் மட்டும் ஊற்றினால் ஆள் தேறுவது தாமதமாகும், அல்லது தேறவே மாட்டார். மருத்துவர் தேடும்போது அவருக்கு வேண்டிய பாதித் தகவல் நம்மிடம்தான் இருக்கும்.

மலம் கடைசியாக எப்போது போனது, என்ன நிறம் என்று கேளுங்கள். தார் போன்ற கறுப்பு என்றால் உள்ளே ரத்தக்கசிவு. ரத்தத்தில் உள்ள புரதமே குடலில் அமோனியாவைக் கூட்டும். இரும்பு மாத்திரையாலும் மலம் கறுக்கும் என்பதால் அதையும் கேட்டு எழுதுங்கள். வாந்தி, வயிற்றுப்போக்கு, சிறுநீர் குறைவு உண்டா? பொட்டாசியம் குறைந்தால் சிறுநீரகமே கூடுதல் அமோனியாவை உண்டாக்கும். நீர் பிரிக்கும் மாத்திரை எடுப்பவர்களிடம் இதுதான் அடிக்கடி நடப்பது.

வயிற்றில் நீர் இருப்பவருக்கு அந்த நீரிலேயே தொற்று வரலாம். காய்ச்சலும் வயிற்றுவலியும் இல்லாமல் குழப்பம் மட்டுமே அறிகுறியாக வருவதுண்டு. அதனால் மருத்துவர் ஊசியால் கொஞ்சம் நீர் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புவார். ஒரு கன மில்லிமீட்டரில் நியூட்ரோஃபில் 250-க்கு மேல் இருந்தால் தொற்று என்று சிகிச்சை தொடங்கும். உங்கள் வேலை, முதல் ஆன்டிபயாட்டிக் போடும் முன் அந்த மாதிரி எடுக்கப்பட்டுவிட்டதா என்று பார்ப்பது.

கடைசிக் கேள்வி மாத்திரைப் பை. வீட்டிலிருந்து கொண்டுவந்த பையைக் கட்டில் மேல் கொட்டி ஒவ்வொன்றாகப் பாருங்கள். நம் நோயாளியின் பையில் ஒரு தூக்க மாத்திரை அட்டை இருந்தது. இரவு தூக்கம் வரவில்லை என்று சொல்லிக் கடையில் வாங்கி, மூன்று இரவாகப் போட்டிருக்கிறார். தூக்கம் கெட்டதே எச்.இ.யின் முதல் அறிகுறி. அதற்குப் போட்ட மாத்திரை அவரை அடுத்த படிக்குத் தள்ளிவிட்டது. கூடவே மூன்று நாளாக மலமும் போகவில்லை. வலி மாத்திரைகளையும் நாட்டு மருந்துகளையும் இதே நேரத்தில் கேட்டு எழுதிவிடுங்கள். டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகள் இவர்களின் சிறுநீரகத்தைச் சீக்கிரம் கெடுத்துவிடும்.

5. லாக்டுலோஸ்: மி.லி.யைப் பார்க்காதீர்கள், மலத்தை எண்ணுங்கள்

லாக்டுலோஸ் என்பது நம் சிறுகுடலால் செரிக்க முடியாத ஒரு சர்க்கரை. அது அப்படியே பெருங்குடலுக்குப் போகிறது. அங்கே பாக்டீரியாக்கள் அதைப் புளிக்கவைத்து அமிலமாக்குகின்றன. அமிலச் சூழலில் அமோனியா, குடல் சுவரைக் கடக்க முடியாத வடிவத்துக்கு மாறி உள்ளேயே சிக்கிக்கொள்கிறது. அப்புறம் மலத்தோடு வெளியேறிவிடுகிறது. சிக்கவைப்பது, வெளியேற்றுவது இரண்டும் நடந்தால்தான் பயன். எனவே இதை வெறும் பேதி மருந்து என்று நினைப்பதும் தவறு. மலம் போகாதபோதும் கொடுத்தாயிற்று என்று திருப்திப்படுவதும் தவறு.

பொதுவாகக் கிடைக்கும் சிரப்பில் 15 மி.லி.க்கு 10 கிராம் மருந்து இருக்கும். குழப்பத்தோடு வந்தவருக்கு வழக்கமான உத்தரவு, மலம் போகும் வரை ஒன்று அல்லது இரண்டு மணிக்கு ஒருமுறை 30 மி.லி. போல. மென்மையாக இரண்டு முறை போனதும் அளவைக் குறைத்து, ஒரு நாளைக்கு இரண்டு மூன்று முறை மென்மையான மலம் போகும்படி வைத்துக்கொள்ள வேண்டும். அந்த எண்ணிக்கைதான் இலக்கு. அதைத் தொட ஒருவருக்கு 45 மி.லி. போதும், இன்னொருவருக்கு 120 தேவைப்படும்.

கொடுக்கும் முன் மூன்று விஷயம் பாருங்கள். ஆள் நிமிர்ந்து உட்கார்ந்து ஒரு வாய்த் தண்ணீரை இருமாமல் விழுங்குகிறாரா? மூன்றாம், நான்காம் படியில் இருப்பவரின் வாயில் ஊற்றினால் நுரையீரலுக்குப் போய்விடும். அங்கே ரைல்ஸ் ட்யூப் அல்லது எனிமா, மருத்துவர் சொல்கிறபடி. அடுத்து, வயிறு கல் போல உப்பி, குடல் சத்தமே இல்லாமல், வாந்தியும் இருந்தால் முதலில் மருத்துவரைக் கூப்பிடுங்கள். குடல் அடைபட்டவருக்கு மேலே மேலே ஊற்றுவது ஆபத்து. மூன்றாவதாக, சர்க்கரை நோயாளி என்றால் இந்தச் சிரப்பில் கொஞ்சம் வேறு சர்க்கரைகளும் உண்டு என்பதை நினைவில் வைத்து அளவைக் கவனியுங்கள். இனிப்பு திகட்டுகிறது என்று துப்புபவருக்குத் தண்ணீரில் கலந்து கொடுக்கலாம்.

எனிமா என்றால் 300 மி.லி. லாக்டுலோஸ், 700 மி.லி. தண்ணீர். இடப்பக்கம் படுக்கவைத்து மெதுவாக ஏற்றி, பிறகு வலப்பக்கம் திருப்புங்கள். மருந்து பெருங்குடலின் அடுத்த முனை வரை போக வேண்டும். அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் உள்ளே நிற்க வேண்டும். உடனே வெளியே வந்துவிட்டால் அதை அப்படியே எழுதுங்கள். கொடுத்ததாக மட்டும் எழுதிவிட்டுப் போகாதீர்கள். அவசரத்தில் சோப்புத் தண்ணீர் எனிமா கொடுப்பது இங்கே தவறு. சோப்பு காரத்தன்மை உள்ளது. நாம் உண்டாக்க நினைக்கும் அமிலச் சூழலுக்கு நேர் எதிர்.

இப்போது நம் நோயாளி. காலை 9, 11, மதியம் 1, 3 என்று 30 மி.லி. வீதம் நான்கு முறை. மூன்றரைக்கு முதல் மலம், கட்டியாக நிறைய. ஐந்தேகாலுக்கு இரண்டாவது, மென்மையாக. இங்கேதான் நிறுத்தி, மருத்துவரிடம் சொல்லி, ஒரு நாளைக்கு மூன்று வேளை என்று மாற்றியிருக்க வேண்டும். மாலை ஒப்படைப்பில் மலத்தின் எண்ணிக்கையை யாரும் சொல்லவில்லை. கேஸ் ஷீட்டில் இரண்டு மணிக்கு ஒருமுறை என்ற உத்தரவு அப்படியே இருந்தது. இரவு ட்யூட்டி அதை அட்சரம் பிசகாமல் செய்தது.

காலை ஆறு மணிக்குள் ஒன்பது முறை போய்விட்டது, கடைசி ஐந்தும் வெறும் தண்ணீர். ஆள் முந்தின நாள் மாலையைவிட மந்தமாக இருந்தார். "மருந்து போதவில்லை போல, இன்னும் கொடுக்கலாமா?" என்று ஒரு மாணவி கேட்டார். மிக இயல்பான கேள்வி, மிக ஆபத்தான கேள்வியும் அதுதான். நாக்கு காய்ந்திருந்தது, நாடி 112, இரவு முழுவதும் சிறுநீர் 180 மி.லி. மட்டும். கிரியாட்டினின் 0.9-இலிருந்து 1.4, பொட்டாசியம் 3.1. அளவுக்கு மீறிய லாக்டுலோஸ் உடலை வற்றவைத்து, பொட்டாசியத்தை இறக்கி, எச்.இ.யைத் தானே திரும்ப உண்டாக்கிவிட்டது.

மருத்துவர் லாக்டுலோஸை அன்று நிறுத்திவைத்து, நீர் பிரிக்கும் மாத்திரைகளையும் நிறுத்தி, சிரை வழியே திரவமும் பொட்டாசியமும் கொடுத்தார். மறுநாள் காலை 15 மி.லி. இரண்டு வேளையில் மறுபடி தொடங்கி, 20 மி.லி. மூன்று வேளையில் கணக்கு சரியாக வந்தது: ஒரு நாளைக்கு மூன்று முறை, மென்மையாக. நான்காம் நாள் அவரே கிழமையைச் சொன்னார்.

ஆகவே, லாக்டுலோஸ் பாட்டிலைக் கையில் எடுக்கும் முன் மலச் சார்ட்டைப் பாருங்கள். சார்ட்டில் நேரம், அளவு, பதம், நிறம் நான்கும் இருக்க வேண்டும். துணியில் பட்ட கறையை ஒரு முறை என்று எண்ணாதீர்கள். கழிவறைக்குத் தானே போகும் நோயாளியிடம் ஷிஃப்டுக்கு ஒரு தடவை கேட்டால் போதாது. குழம்பியவர் சொல்லும் எண்ணிக்கை நம்பக்கூடியதல்ல, கூட இருப்பவரைக் கேளுங்கள். பேதியில் தோல் வெந்துபோகும் என்பதால் ஒவ்வொரு முறையும் கழுவி, ஒற்றித் துடைத்து, தடுப்புக் களிம்பு போடுங்கள்.

லாக்டுலோஸ் எடுத்துக்கொண்டே இருந்தும் எச்.இ. திரும்ப வந்தால் ரிஃபாக்ஸிமின் 550 மி.கி. இரண்டு வேளை சேர்ப்பார்கள். அது லாக்டுலோஸோடு சேர்த்துக் கொடுக்கும் மருந்து. அதற்குப் பதிலாக அல்ல.

6. நீர்க் கணக்கு: வீங்கிய உடம்பும் வற்றியிருக்கலாம்

வயிறு பானை போல இருக்கும்போது உடலில் நீர் வற்றியிருக்கிறது என்றால் புதிதாக வருபவர்கள் நம்புவதில்லை. வயிற்றில் இருக்கும் நீர் ரத்தக் குழாய்க்கு வெளியே இருக்கிறது. சிறுநீரகத்துக்கு வேண்டியது குழாய்க்கு உள்ளே இருப்பது. இரண்டையும் தனித்தனியாக யோசியுங்கள்.

எடை பார்ப்பது தினமும் ஒரே நேரம், சிறுநீர் கழித்த பின், சாப்பிடும் முன், ஒரே தராசில். வயிற்றுச் சுற்றளவைத் தொப்புள் மட்டத்தில், படுத்த நிலையில், மூச்சை விட்ட பின் அளக்க வேண்டும். டேப் வைக்கும் இடத்தில் இரண்டு பக்கமும் பேனாவால் குறி போடுங்கள். குறி போடாததால் காலையில் 96, மாலையில் 91 என்று எழுதி, நீர் குறைந்துவிட்டது என்று எல்லோரையும் ஏமாற்றிய சார்ட்டுகளைப் பார்த்திருக்கிறேன்.

நீர் பிரிக்கும் மாத்திரையில் எடை இறங்குவதற்கு ஒரு வரம்பு உண்டு. கால் வீக்கம் இல்லாதவருக்கு நாளொன்றுக்கு அரை கிலோ, வீக்கம் உள்ளவருக்கு ஒரு கிலோ. வயிற்று நீர் திரும்ப ரத்தத்துக்கு வருவது மெதுவாகத்தான். அதைவிட வேகமாக வெளியேற்றினால் ரத்தக் குழாய்தான் வற்றும். நம் நோயாளியின் எடை அந்த ஒரே இரவில் 62-இலிருந்து 59.6 ஆனது. 2.4 கிலோ குறைந்ததை ஒருவர் நல்ல முன்னேற்றம் என்றே குறித்திருந்தார். அது எச்சரிக்கை மணி. தெளிவான எச்.இ., சோடியம் 125-க்குக் கீழ், கிரியாட்டினின் ஏற்றம் இவற்றில் ஒன்று வந்தாலும் அடுத்த வேளை மாத்திரையைக் கொடுக்கும் முன் மருத்துவரிடம் கேளுங்கள்.

தண்ணீரைக் குறைப்பது பற்றி: வயிற்றில் நீர் என்றாலே ஒரு லிட்டருக்கு மேல் குடிக்கக் கூடாது என்று சொல்லிவிடும் வழக்கம் இருக்கிறது. வயிற்று நீரைக் கட்டுப்படுத்துவது உப்புக் குறைப்புதான். தண்ணீர்க் கட்டுப்பாடு, சோடியம் 125-க்குக் கீழே போனவர்களுக்கு மருத்துவர் சொல்லும்போது மட்டும். லாக்டுலோஸில் போய்க்கொண்டிருப்பவருக்குத் தண்ணீரையும் நிறுத்தினால் என்ன ஆகும் என்று மேலே பார்த்தோம்.

சிரை வழித் திரவத்திலும் கவனம் வேண்டும். ஒரு லிட்டர் நார்மல் சலைனில் 9 கிராம் உப்பு இருக்கிறது. ஒரு நாள் முழுவதும் உணவில் 5 கிராம் என்று கட்டுப்படுத்திவிட்டு, யாரும் கவனிக்காமல் இரண்டு பாட்டில் ஏற்றுவதில் அர்த்தமில்லை. சில நேரம் அது அவசியம்தான். ஆனால் எவ்வளவு போனது என்பது சார்ட்டில் இருக்க வேண்டும்.

ஊசி போட்டு நீர் எடுக்கும்போது 5 லிட்டருக்கு மேல் எடுத்தால் ஆல்புமின் கொடுப்பார்கள், எடுத்த ஒவ்வொரு லிட்டருக்கும் 6 முதல் 8 கிராம். 20 சதவீத ஆல்புமின் 100 மி.லி. பாட்டிலில் 20 கிராம். 6 லிட்டர் எடுத்தால் இரண்டு அல்லது மூன்று பாட்டில். நீர் இறங்கத் தொடங்கும் முன்பே பாட்டில்கள் வார்டில் இருக்கின்றனவா என்று உறுதி செய்யுங்கள். எடுத்த பிறகு ரத்த அழுத்தம், சிறுநீர், ஊசி போட்ட இடத்தில் கசிவு ஆகியவற்றைப் பாருங்கள்.

7. உணவு: புரதத்தைப் பிடுங்காதீர்கள்

பருப்பு, முட்டை, மீன் எல்லாம் நிறுத்திக் கஞ்சி மட்டும் கொடுக்கும் பத்தியம் இன்னும் வீடுகளில் இருக்கிறது. ஒரு காலத்தில் மருத்துவமனைகளிலும் இருந்தது. அமோனியா புரதத்திலிருந்து வருகிறது என்பதால் அது நியாயம்போலத் தெரியும். ஆனால் புரதம் கிடைக்காத உடல் தன் தசையைக் கரைக்கும். அமோனியாவைச் சுத்தம் செய்யும் இரண்டாவது இடம் தசை என்று முதலில் சொன்னேன் அல்லவா, அதுவும் போய்விடும். எச்.இ. இருக்கும்போதும் புரதம் கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம், ஆற்றல் 30 முதல் 35 கலோரி. இதுதான் இன்றைய அளவு.

எந்த எடைக்கு? தராசு காட்டும் எடையில் நீரும் சேர்ந்திருக்கிறது. மிதமான வயிற்று நீருக்கு 10 சதவீதமும், இரண்டு கால் வீக்கத்துக்கு இன்னும் 5 சதவீதமும் கழிக்க வேண்டும். 62 கிலோவில் 15 சதவீதம் போக ஏறக்குறைய 53. ஆக, நம் நோயாளிக்குப் புரதம் 64 முதல் 80 கிராம்.

அதை எங்கள் ஊர்ச் சாப்பாட்டில் இப்படிக் கொடுத்தோம். காலையில் எழுந்ததும் ஒரு டம்ளர் பால். எட்டு மணிக்கு மூன்று இட்லி, கெட்டியான சாம்பார், ஒரு முட்டை. பதினோரு மணிக்கு ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டல். மதியம் சாதம், கெட்டிப் பருப்பு, தயிர். நான்கு மணிக்கு ஒரு கைப்பிடி பொட்டுக்கடலை. எட்டு மணிக்கு மறுபடி இட்லி, பருப்பு. இது எல்லாம் சேர்த்து 65 முதல் 70 கிராம் வரும். மீன் பிடிக்கும் என்றால் மதியம் சேர்த்து, சுண்டலைக் குறைக்கலாம். பயறும் பாலும் இறைச்சியைவிட இவர்களுக்கு நன்றாக ஒத்துக்கொள்ளும். பயறில் உள்ள நார் மலம் போகவும் உதவும்.

இதில் பலரும் விட்டுவிடுவது படுக்கும் முன் சாப்பிடுவது. சிரோசிஸில் ஒரு இரவுப் பட்டினி, நல்ல உடம்புக்காரர் இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்ததற்குச் சமம். விடியும் முன் தசை கரையத் தொடங்கிவிடும். பத்து மணிக்கு இரண்டு இட்லி, ஒரு வாழைப்பழம், ஒரு டம்ளர் பால் என்றால் தேவையான 50 கிராம் மாவுச்சத்து வந்துவிடும். பொட்டாசியம் அதிகமாக இருந்தால் பழத்தைத் தவிர்த்து இட்லியைக் கூட்டுங்கள். பகலிலும் மூன்று நான்கு மணிக்கு மேல் வெறும் வயிறு வேண்டாம். ஸ்கேனுக்கோ எண்டோஸ்கோப்பிக்கோ காலையிலிருந்து பட்டினி போட்டு, மாலை வரை கூப்பிடாமல் விடுவது வார்டில் அடிக்கடி நடக்கிறது. நேரத்தைக் கேட்டு நினைவூட்டுவது நம் பொறுப்பு.

உப்பு நாளுக்கு 5 கிராம், தலைதட்டி ஒரு டீஸ்பூன், எல்லாச் சமையலுக்கும் சேர்த்து. ஊறுகாய், அப்பளம், கருவாடு, கடை மிக்சர் வேண்டாம். கடையில் விற்கும் குறைந்த சோடியம் உப்பில் பொட்டாசியம் இருக்கும். ஸ்பைரோனோலாக்டோன் எடுப்பவருக்கு அது ஆபத்து. அதே சமயம், உப்பில்லை என்று சொல்லித் தட்டை ஒதுக்கிவிடுபவருக்கு எலுமிச்சை, சீரகம், மிளகு, கொத்தமல்லி சேர்த்து எப்படியாவது சாப்பிட வையுங்கள். சாப்பிடாமல் இருப்பதுதான் அவருக்குப் பெரிய நஷ்டம்.

8. இரவு ட்யூட்டி

இந்த நோயாளிகள் இரவில்தான் மோசமாவார்கள், இரவில்தான் நாம் "தூங்குகிறார்" என்று எழுதுவோம். தூக்கமா மயக்கமா என்று தெரிய, எழுப்பித்தான் பார்க்க வேண்டும். இரண்டாம் படியில் இருப்பவரை நான்கு மணிக்கு ஒருமுறையாவது எழுப்பி, பெயர், இடம், கிழமை கேட்டு எழுதுங்கள். அதற்கு மேல் என்றால் ஒன்று இரண்டு மணிக்கு ஒருமுறை, கிளாஸ்கோ அளவையும் சேர்த்து. தலைமாட்டை உயர்த்தி, கட்டில் தடுப்பை ஏற்றி, கழிவறைக்குத் தனியாக விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நோயாளி எழுந்து ஓடப் பார்க்கிறார், ட்யூபைப் பிடுங்குகிறார் என்றால் தூக்க ஊசி எழுதித் தரச் சொல்லி ஃபோன் செய்வதுதான் முதலில் தோன்றும். அதற்கு முன் சிறுநீர்ப்பை நிரம்பியிருக்கிறதா, படுக்கை நனைந்திருக்கிறதா, சர்க்கரை, ஆக்சிஜன் எப்படி என்று பாருங்கள். பிறகு மருத்துவரிடம் பேசும்போது "எச்.இ. நோயாளி" என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். பாதித் தூக்கத்தில் இருக்கும் பயிற்சி மருத்துவர் வழக்கமான ஊசியை எழுதிவிடாமல் இருக்க அது உதவும்.

காத்திருக்காமல் கூப்பிட வேண்டியவை: ரத்த வாந்தி, கறுப்பு மலம், ஒரு படி மோசமானது, காய்ச்சல் அல்லது உடல் சில்லிட்டது, மணிக்கு அரை மி.லி./கிலோவுக்குக் கீழே சிறுநீர், நான்கு தடவைக்கு மேல் தண்ணீராகப் பேதி.

9. வீட்டுக்கு அனுப்பும் முன்

எச்.இ. திரும்ப வருவதற்குப் பெரிய காரணம், வீட்டில் லாக்டுலோஸை நிறுத்திவிடுவது. மலம் இளகிப் போனதும் "பேதி ஆகுது, இனி எதுக்கு?" என்று பாட்டிலை மூடி வைத்துவிடுவார்கள். அதனால் இதை மூளைக்கான மருந்து என்று சொல்லிக்கொடுங்கள். எண்ணிக்கையை நோயாளியிடம் மட்டும் சொல்லாமல், கூட இருப்பவரிடமும் சொல்லுங்கள். ஒரு நாளில் ஒருமுறைகூடச் சரியாகப் போகவில்லை என்றால் மருத்துவர் எழுதிக்கொடுத்தபடி ஒரு வேளை கூட்ட வேண்டும். நான்கு தடவைக்கு மேல் தண்ணீராகப் போனால் அடுத்த வேளையை விட்டுவிட்டு உடனே தொடர்புகொள்ள வேண்டும். மருந்தை அளவு மூடியில் ஊற்றிக் காட்டச் சொல்லுங்கள். "தெரியும்" என்பதை நம்பிவிடாதீர்கள்.

வண்டி ஓட்டுவது பற்றித் தனியாகப் பேச வேண்டும். லேசான எச்.இ.யில்கூடக் கவனமும் கை வேகமும் குறையும். ஆட்டோதான் நம் நோயாளியின் பிழைப்பு. மருத்துவர் சரி என்று சொல்லும் வரை ஓட்டக் கூடாது என்றதும் அவர் முகம் வாடிவிட்டது. அதை மனைவியையும் உட்காரவைத்து, அவசரப்படாமல் பேசினோம்.

அந்த அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தினசரிக் காலண்டர் தாளில் மலம் போன ஒவ்வொரு தடவைக்கும் ஒரு கோடு, இரவு சரியாகத் தூங்கவில்லை என்றால் ஒரு வட்டம் போடச் சொன்னேன். இரண்டு நாள் வட்டம் வந்தால் உடனே வரச் சொன்னேன். அடுத்த மாதப் பரிசோதனைக்கு முப்பது தாளையும் ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிக் கொண்டுவந்தார். பெரும்பாலானவற்றில் மூன்று கோடு. பதினேழாம் தேதித் தாளில் ஒரே ஒரு கோடு, பக்கத்தில் ஒரு வட்டம். பதினெட்டில் நான்கு கோடு, வட்டம் இல்லை. "அன்னைக்கு ஒரு வேளை சேர்த்துக் கொடுத்தேன் சிஸ்டர்" என்றார்.